பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு: அறியாத அறைகள் கனவில் ஏன் வருகின்றன?

கனவில் நீங்கள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். ஏதோ எடுப்பதற்காகப் பீரோவை நகர்த்துகிறீர்கள், அதன் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. திறந்தால் ஓர் அறை, அதற்கு அப்பால் இன்னும் ஓர் அறை. இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று வியக்கிறீர்கள். ஆனால் அந்த அறை புதிதாக முளைத்ததாகத் தோன்றுவதில்லை, என்றைக்கும் அங்கேயே இருந்ததாகத்தான் தோன்றுகிறது. விழித்த பிறகும் சிறிது நேரம் படுக்கையிலிருந்தபடியே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதே வீடு, அதே கதவு.

சென்னையில் உளவியல் கற்பிக்கும் எனக்கு, இந்தக் கனவைக் கண்டவர்கள் ஆண்டுக்கு நான்கைந்து பேராவது வந்து சொல்கிறார்கள். வரும்போதே ஒரு பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். நடைபாதையில் விற்கும் கனவுப் பலன் புத்தகம் மனை வாங்கும் யோகம் என்று சொல்லியிருக்கும். கைபேசியில் பார்த்த ஏதோ ஒரு காணொளி, உங்களுக்குள் ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கும். அரைகுறையாகப் படித்த ஒருவர், சிறு வயதில் நடந்த ஏதோ ஒன்றை மனம் பூட்டி வைத்திருக்கிறது என்று பயமுறுத்தியிருப்பார். மூன்றும் ஒரே தவற்றைச் செய்கின்றன. கண்டவர் யார், எந்த வீடு, எப்படிப்பட்ட அறை என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே 'அறை' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடுகின்றன.

அகம் என்றால் வீடு, அகம் என்றால் மனம்

தமிழ் வாசகருக்கு இந்தக் கனவின் அடிப்படையை விளக்குவது எளிது, ஏனெனில் நம் மொழியே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. அகம் என்ற சொல்லுக்கு உள் என்றும், மனம் என்றும், வீடு என்றும் பொருள். சில வீடுகளில் இன்றும் வழங்கும் 'ஆத்துக்காரர்' என்பது 'அகத்துக்காரர்' என்பதன் பேச்சு வடிவம்தான், அதில் இருப்பது வீடு. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்னும்போது அதே சொல்லில் இருப்பது மனம். உள்ளம் என்ற சொல்லிலும் 'உள்' இருக்கிறது. ஒருவர் நம் மனதில் இடம் பிடிக்கிறார், ஒரு துயரம் அடிமனதில் தங்கிவிடுகிறது. கண்ணால் காண முடியாத மனத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், இடத்தைப் பற்றிய சொற்களைக் கடன் வாங்காமல் நம்மால் பேச முடிவதில்லை.

வீட்டையும் மனிதரையும் ஒப்பிடுவதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. குழாய் பழுதுபார்க்க வருபவர் எதுவரை வரலாம், தூரத்து உறவினர் எங்கே உட்காரலாம், அடுக்களைக்குள் நேராக வந்து மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதெல்லாம் எழுதாத சட்டமாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நம்மை நாம் பிறருக்குக் காட்டுவதும் அப்படித்தான். அலுவலகத்தில் ஒரு முகம், உறவினர் நடுவே ஒரு முகம், மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு முகம். கனவு சொற்களால் வாதிடுவதில்லை, படங்களால் நிகழ்கிறது. 'நான்' என்ற உருவமற்ற ஒன்றைக் காட்ட அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் படங்களுள் வீடு மிகவும் வசதியானது.

கனவில் வரும் வீடெல்லாம் மனம்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. வீட்டுக் கடன் தவணையை எண்ணிக்கொண்டே உறங்கியவருக்கு வீடு வருவது தவணையினால்தான். வீடு நம்மைக் குறிக்கக்கூடும் என்பதுதான் இதுவரை நாம் சொல்லியது.

பரணும், மொட்டை மாடிக் கம்பிகளும்

'நமக்குள் நாம் அறியாத பகுதி' என்று சொல்லும்போதுதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. அறியாமை இரண்டு வகைப்படும். இரண்டுக்கும் சென்னை வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது.

முதலாவது, பரண். தீபாவளிக்கு முன்பு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பார்க்கப் பிடிக்காததையும் தூக்கி எறிய மனம் வராததையும் மூட்டையாகக் கட்டி மேலே தள்ளிவிடுகிறோம். நாளடைவில் அங்கே என்ன வைத்தோம் என்பதே மறந்துவிடுகிறது. பொருள் நம்முடையது, அதை மேலே வைத்த கையும் நம்முடையது. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்ட் முதன்மையாகப் பேசியது இந்த வகையைப் பற்றித்தான். ஏற்றுக்கொள்ள முடியாத ஆசைகளையும் நினைவுகளையும் மனம் தன் பார்வையிலிருந்து தள்ளி வைக்கிறது என்றார் அவர்.

இரண்டாவது, மொட்டை மாடிக் கம்பிகள். புறநகர்ப் பக்கம் போனால், கட்டி முடித்து ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் வீடுகளின் மாடியிலும் தூண்களுக்கு மேல் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்று விட்டு வைத்தவை அவை. அந்தத் தளத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை, அது இன்னும் கட்டப்படவே இல்லை. ஆனால் அதைத் தாங்குவதற்கான வலு அடித்தளத்திலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் குஸ்டாவ் யுங் அழுத்திச் சொன்னது இந்த வகையை. நம் அறிவுக்கு எட்டாமல் நமக்குள் இயங்கும் பகுதிக்கு நனவிலி மனம் என்று பெயர். அதில் நாம் தள்ளி வைத்தவை மட்டுமல்ல, சந்தர்ப்பம் கிடைக்காததால் இன்னும் உருப்பெறாத இயல்புகளும் இருக்கின்றன என்பது அவருடைய கருத்து.

இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனென்றால் மறைந்த அறை என்றதும் நம் நினைப்பு உடனே பரணுக்குத்தான் ஓடுகிறது. ஆனால் இந்தக் கனவைக் கண்டவர்கள் விவரிக்கும் உணர்வைக் கவனித்தால், அச்சத்தைவிட வியப்பும், 'இவ்வளவு இடம் இருந்திருக்கிறதே' என்ற நிறைவும், இத்தனை நாள் பயன்படுத்தாமல் விட்டோமே என்ற மெல்லிய வருத்தமும்தான் அதிகம் வருகின்றன. பரணில் இருந்து எதையோ இறக்கும்போது எழும் உணர்வு இதுவல்ல.

சுருக்கமாக: வீடு நம்மைக் குறிக்கலாம். மறைந்த அறை, நாம் தள்ளி வைத்த ஒன்றாகவும் இருக்கலாம், நாம் இன்னும் வாழ்ந்து பார்க்காத ஒன்றாகவும் இருக்கலாம். எது என்பதை அறையின் இருப்பு சொல்லாது, அதனுள் எழும் உணர்வும் அங்குள்ள பொருள்களும்தான் சொல்லும்.

யுங் கண்ட பக்கக் கட்டடம்

யுங் கண்ட வீட்டுக் கனவு என்றால் பலரும் சொல்வது 1909ஆம் ஆண்டின் கனவை. மேல்தளம் நாகரிகமான வரவேற்பறையாகவும், கீழ்த்தளம் மத்திய காலத்தைச் சேர்ந்ததாகவும், நிலவறை ரோமானியர் காலத்துச் சுவர்களோடும், அதற்கும் கீழே பாறையில் குடைந்த குகையில் எலும்புகளும் உடைந்த மண்பாண்டங்களும் இரண்டு மண்டையோடுகளுமாகவும் அமைந்திருந்த அந்த வீடு புகழ் பெற்றது. ஆனால் நம் பொருளுக்கு நெருக்கமானது அவருடைய வேறொரு கனவு வரிசை. அதை அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை.

அந்த வரிசையில் அவருடைய வீட்டை ஒட்டியே இன்னொரு பக்கக் கட்டடம் இருக்கும். எப்போதுமே அங்கே இருந்திருக்க வேண்டிய இது தனக்கு ஏன் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் கனவிலேயே வியப்பார். கடைசியில் ஒரு கனவில் அதற்குள் சென்றார். உள்ளே ஒரு பெரிய நூலகம். பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த, பன்றித்தோல் அட்டையிட்ட தடித்த நூல்கள், அவற்றுள் சிலவற்றில் அவர் அதுவரை கண்டிராத விசித்திரமான குறியீடுகள் கொண்ட செப்புத்தகட்டு ஓவியங்கள்.

அவை எதைப் பற்றிய நூல்கள் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. 1928இல் சீனவியல் அறிஞர் ரிச்சர்ட் வில்ஹெல்ம் அவருக்கு ஒரு சீன ரசவாத நூலின் மொழிபெயர்ப்பை அனுப்பினார். அதன் பிறகே ஐரோப்பாவின் பழைய ரசவாத நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். கனவிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் சென்றபோது, கனவில் கண்டதைப் போன்ற ஒரு நூலகம் அவருடைய வீட்டிலேயே சேர்ந்திருந்தது. அந்தப் பக்கக் கட்டடம் தன் ஆளுமையின் ஒரு பகுதி, தனக்கு உரியதாக இருந்தும் தான் இன்னும் உணராதிருந்த ஒன்று என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். 'மறைந்த அறை என்பது நம்மில் ஆராயப்படாத பகுதி' என்று இன்று எல்லோரும் சொல்லும் வாக்கியத்துக்கு இது ஒரு முக்கியமான மூலம்.

இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். அவர் ஒரே கனவை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரவில்லை. திரும்பத் திரும்ப வந்த வரிசையில் என்ன மாறிற்று என்பதைப் பார்த்தார். முதலில் கட்டடம் வெளியே தெரிந்தது, பிறகு உள்ளே செல்ல முடிந்தது. அடுத்து, பொருள் பின்னால்தான் தெரிந்தது. பின்னால் தெரிந்த பொருளில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்த வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கனவைப் பார்த்தால், எதையும் எதோடும் பொருத்திவிடலாம். யுங்குடைய விளக்கம் அழகானது, ஆனால் அது ஆய்வகத்தில் நிறுவப்பட்ட உண்மை அல்ல.

உறங்கும் மூளை அறையைக் கட்டும் விதம்

கதை போலத் தெளிவாக நினைவில் நிற்கும் கனவுகள் பெரும்பாலும் உறக்கத்தின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் வருகின்றன. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் உறங்குபவரின் மூடிய இமைகளுக்குக் கீழே விழிகள் வேகமாக அசையும் நேரங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் கட்டத்துக்கு விரைவிழி உறக்கம் என்று பெயர். அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிறது, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. விடியற்காலைக் கனவு நன்றாக நினைவில் இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கும் இந்தத் தெளிவே வித்திட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த நேரத்தில் காட்சியையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்து 'இது பொருந்துகிறதா?' என்று சரிபார்க்கும் பகுதிகள் அடங்கியிருக்கின்றன. ஆகவேதான் மூன்றாம் மாடியில் இருக்கும் அடுக்ககத்தின் சுவருக்கு அப்பால் அறை இருக்க முடியாது என்பது கனவில் உறைப்பதில்லை.

இடங்களை நினைவில் வைக்கும் முறையும் இதில் சேர்கிறது. மூளையின் உட்பகுதியில் ஹிப்போகேம்பஸ் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் உள்ள சில நரம்புச் செல்கள், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் செயல்படுவதை 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்காக 2014இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பகலில் எலி ஒரு பாதையில் ஓடும்போது அதே உறுப்பின் செல்கள் செயல்பட்ட வரிசை, பின்னர் விரைவிழி உறக்கத்திலும் மீண்டும் தோன்றுவதை 2001இல் லூயியும் வில்சனும் பதிவு செய்தார்கள். உறங்கும் மூளை இடங்களை மறுபடியும் நடந்து பார்க்கிறது என்று இதை எளிமையாகச் சொல்லலாம். மனிதரின் கனவில் ஒரு வீட்டின் நடையும் இன்னொரு கட்டடத்தின் தாழ்வாரமும் ஒட்டிக்கொள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இல்லாத அறை உருவாக அப்படி ஒட்டிக்கொள்வதே போதும்.

எனவே கனவில் கூடுதல் அறை தோன்றுவது ஓர் அதிசயமும் அல்ல, எங்கிருந்தோ வந்த செய்தியும் அல்ல. கனவுகளை ஆராய்பவர்கள் பலருக்கும் பொதுவான கனவுகளைப் பட்டியலிட்டு வினாப்பட்டியல் தயாரித்தபோது, 'வீட்டில் புதிய அறையைக் காண்பது' என்பதற்கும் அதில் ஓர் இடம் கொடுத்தார்கள். அவ்வளவு பேருக்கு வருகிறது. அப்படியானால் இதில் பொருள் தேடுவது வீணா? இல்லை என்பதே என் கருத்து. பகலில் நம்மை அலைக்கழிக்கும் கவலைகளும் விருப்பங்களும்தான் கனவின் உள்ளடக்கத்தில் திரும்புகின்றன என்பதற்குக் உளவியலாளர் கால்வின் ஹால் முதலானோர் ஆயிரக்கணக்கான கனவுக் குறிப்புகளைத் திரட்டி ஆதாரம் காட்டியிருக்கிறார்கள். அறை தோன்றுவது மூளையின் இயல்பு. அந்த அறையில் எது இருக்கிறது, அங்கே என்ன உணர்கிறோம் என்பது அவரவருடையது. படிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

வழி தவறும் இரண்டு இடங்கள்

மறைந்த அறையை நடந்த நிகழ்ச்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது முதல் தவறு, மிகவும் தீங்கானதும் அதுதான். 1990களின் இறுதியில் ஜூலியானா மட்சோனியும் எலிசபெத் லாஃப்டஸும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய சோதனையில், பங்கேற்றவர்கள் தங்கள் கனவை ஓர் உளவியலாளரிடம் சொன்னார்கள். அவர், சிறு குழந்தையாக இருந்தபோது பொது இடத்தில் தொலைந்துபோனது போன்ற ஒரு நிகழ்ச்சியை அந்தக் கனவு காட்டுகிறது என்று விளக்கம் கொடுத்தார். அப்படி ஒன்று நடக்கவில்லை என்று முன்பு சொன்னவர்களுள் பலர், சில நாள் கழித்துக் கேட்டபோது நடந்திருக்கலாம் என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். சில நிமிட விளக்கம் ஒருவருடைய கடந்தகாலத்தையே மாற்றி எழுத முடியும். அறையில் யாரோ அழுவதைக் கேட்டீர்கள் என்பதால், உங்களுக்கு யாரோ தீங்கு செய்தார்கள் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மேலானவராக நாம் கருதுபவரின் முன்னால் பொருள் தேடுவது இரண்டாவது தவறு. 1909இல் ஃப்ராய்டும் யுங்கும் அமெரிக்காவுக்குச் சேர்ந்து பயணம் செய்த ஏழு வாரங்களும் ஒருவர் கனவை மற்றவர் ஆராய்ந்து வந்தார்கள். மேலே சொன்ன பல தளங்கள் கொண்ட வீட்டின் கனவை யுங் கூறியபோது, ஃப்ராய்ட் விடாமல் அந்த மண்டையோடுகளைப் பற்றியே கேட்டார், யாருடைய சாவையோ யுங் விரும்புவதாக நினைத்தார். தனக்கு அப்படித் தோன்றாதபோதும், மோதலைத் தவிர்ப்பதற்காக 'என் மனைவியும் மைத்துனியும்' என்று யுங் பொய் சொன்னார். ஃப்ராய்ட் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தார். மனத்தை ஆராய்வதில் பேர் பெற்ற இருவருக்கிடையிலேயே இப்படி நடந்திருக்கிறது என்றால், சாமியாரிடமோ ஆலோசகரிடமோ நாம் சொல்லும் பதில்கள் எவ்வளவு வளையும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேறொரு வகைக் கனவும் உண்டு, அதற்குப் பொருள் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. அறை ஒவ்வொரு முறையும் பெருந்திகிலில் முடிந்து, உறங்கவே அஞ்சும் நிலை வந்தால், அல்லது நேரில் பட்ட ஒரு கொடுமை அப்படியே திரும்பி வந்தால், அதற்கு மருத்துவ உதவிதான் வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளியாகவே காட்டலாம். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் கூடக் கனவைக் கூர்மையாக்கும் என்பதால், அண்மையில் மருந்து மாறியதா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக: அறையை மூளை தன் இயல்பிலேயே கட்டுகிறது, அது நடந்த ஒன்றுக்குச் சாட்சி ஆகாது. அதன் பொருளைத் தேடுபவர் கனவைக் கண்டவராகவே இருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஏழு கனவுகள்

படிக்கும் முறையை என் கனவை வைத்தே காட்டுகிறேன், அடுத்தவர் நம்பிச் சொன்னதை இங்கே எழுதுவது முறையல்ல. பதினெட்டு மாதங்களில் ஏழு முறை வந்தது. கைபேசியைத் தொடுவதற்கு முன்பே, கனவு இப்போது நடப்பது போல நிகழ்காலத்தில் ஒரு நோட்டில் எழுதினேன். அதன் எதிர்ப்பக்கத்தில் முந்தைய இரண்டு நாட்களில் நடந்தவற்றை எழுதினேன். வீட்டின் வரைபடத்தையும் கோட்டுப்படமாகப் போட்டு, கதவு எங்கே இருக்கிறது என்று குறித்தேன். வரைவது பெரிய உதவி, ஏனெனில் எழுதும்போது விட்டுப்போனது வரையும்போது தட்டுப்படுகிறது.

கனவில் வந்த வீடு, நான் வளர்ந்த திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம். ஒரு முற்றத்தைச் சுற்றி எட்டுப் போர்ஷன்கள், பொதுவாக ஒரு கிணறு, பொதுவாக இரண்டு குளியலறைகள். எங்கள் போர்ஷன் ஓர் அறையும் ஒரு சிறிய அடுக்களையும். முதல் கனவில் பீரோவுக்குப் பின்னால் கதவைக் கண்டேன். இரண்டாவதில் உள்ளே போனேன். நீளமான அறை, கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியே வெளிச்சம், யாரோ இப்போதுதான் துடைத்தது போல ஈரமான தரை. மூன்றாவதில், 'இங்கே தாராளமாக நான்கு பாய் போடலாம்' என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

இடநெருக்கடியில் வளர்ந்தவளுக்கு இடம் வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான் என்று முதலில் எண்ணினேன். அது தவறான விளக்கமும் அல்ல, முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். என்னோடு பணிபுரியும் ஒருவர், 'மேடம், நீங்க விட்டுப்போன வீணையா இருக்கும்' என்றார். சில நாட்கள் அதை நினைத்துப் பார்த்தேன். மனதில் ஒன்றும் அசையவில்லை, புதிதாக எந்த நினைவும் வரவில்லை. பொருந்தாத விளக்கத்துக்கு இதுவே அடையாளம். பொருந்தும் விளக்கமோ ஒரு நினைவைத் தொட்டதும் பின்னாலேயே இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

நான்காவது கனவில் ஒரு சிறு விஷயம் கண்ணில் பட்டது. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. உட்பக்கம் மட்டும் ஒரு கறுத்த இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. கனவில் வரும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, அது எதை நினைவூட்டுகிறது, அடுத்து எது வருகிறது என்று தடுக்காமல் பின்தொடர்வதற்குத் தொடர்நினைவு என்று பெயர். அந்தத் தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் போர்ஷன்களில் பகல் முழுவதும் கதவு திறந்தே இருக்கும், திரை மட்டும் தொங்கும். கதவைச் சாத்தினால் 'என்ன, உள்ளே என்ன ரகசியம்?' என்று கேட்பார்கள். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே இடம் பொதுக் குளியலறை. அதிலும் இரண்டு நிமிடம் கூடினால் கதவைத் தட்டுவார்கள். பத்து வயதில் ஒரு நாள் அங்கே தண்ணீர் விடாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. தனியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நாற்பது ஆண்டுகளாக அதை நான் நினைத்ததே இல்லை.

பிறகு எதிர்ப்பக்கங்களைப் புரட்டினேன். அதுவரை வந்த நான்கு கனவுகளில் மூன்று, ஊரிலிருந்து யாரோ வந்து தங்கப்போவதாகச் செய்தி வந்த இரண்டு நாட்களுக்குள் வந்திருந்தன. சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் எங்கள் பக்கத்து உறவினர்கள் பெரும்பாலும் எங்கள் மடிப்பாக்கம் வீட்டில்தான் தங்குவார்கள். சிலர் வாரக்கணக்கில் இருப்பார்கள். நான் ஒருபோதும் மறுத்ததில்லை. மறுக்க நினைத்ததாகவும் எனக்குத் தெரியாது. கனவில் கண்ட அறையிலும் நான் முதலில் செய்தது, பிறருக்கு எத்தனை பாய் போடலாம் என்று எண்ணியதுதான்.

அப்போதுதான் அறை எதைக் காட்டுகிறது என்பது ஓரளவு தெளிந்தது. நான் தேடியது ஒரு திறமை அல்ல. கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய, 'இப்போது முடியாது' என்று சொல்லக்கூடிய ஒருத்தி எனக்குள் இருந்தாள். அவளை யாரும் பரணில் தள்ளவில்லை. அவள் வளர்வதற்கு அந்த எட்டுப் போர்ஷன்களுக்கு நடுவில் இடமே இருக்கவில்லை. ஆராயப்படாத பகுதி என்றதும் நாம் எதிர்பார்ப்பது பெருமை தரும் ஒன்றை. என்னிடம் வந்ததோ, நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகல்ல என்று கற்பிக்கப்பட்ட ஓர் இயல்பு. இந்தக் கனவைப் பற்றிப் பேசும் பலர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

ஐந்தாவது கனவு பழையபடியே வந்தது. ஆறாவதில், உள்ளே நின்று தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறேன், வெளியே யாரோ தட்டுகிறார்கள். நெஞ்சு படபடக்க விழித்துக்கொண்டேன். அடுத்த வாரம் சித்தப்பா மகன் தன் மாமனாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக வருவதாகத் தொலைபேசியில் சொன்னான். இந்த மாதம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, மருத்துவமனை அருகில் நல்ல லாட்ஜ் பார்த்துத் தருகிறேன், சாப்பாடு நான் கொடுத்து அனுப்புகிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவன், 'சரிக்கா, அதுவே எங்களுக்கும் வசதி' என்றான்.

கனவுதான் என்னை மாற்றியது என்றோ, நான் மாறியதால் கனவு மாறியது என்றோ உறுதியாகச் சொல்ல இதில் ஆதாரம் இல்லை. ஏழு குறிப்புகள் மிகக் குறைவு, அவற்றைப் படித்ததும் நானே. எழுதத் தொடங்கியதாலேயே கனவு அந்தத் திசையில் நகர்ந்திருக்கவும் கூடும். வரிசையில் என்ன மாறியது என்பதை மட்டும் உள்ளபடி குறிக்க முடியும். ஏழாவது குறிப்பு நோட்டில் இப்படி இருக்கிறது: 'உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தரை காய்ந்திருக்கிறது. வெளியே முற்றத்தில் யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம், குழாயில் வாளி நிரம்பும் சத்தம். யாரும் தட்டவில்லை. பாய் ஒன்று மட்டும் விரித்திருக்கிறது.'